மாம்பழம், குரங்கு, கழுகு: உணவுச் சங்கிலி ஆற்றல் கேள்விக்கு விடை எழுதுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டில் மாமரம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் காய் பழுக்கத் தொடங்கியதும், நமக்குத் தெரிவதற்கு முன்னால் வெர்வெட் குரங்குகளுக்குத் தெரிந்துவிடும். கூட்டமாக வந்து ஒரு பழத்தைப் பறித்து, இரண்டு கடி கடித்துக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். கூரையெல்லாம் கொட்டையும் சாணமும். இதே குரங்கை இங்குள்ள பள்ளத்தாக்குக் காடுகளிலிருந்து வருகிற பெரிய கொண்டைக் கழுகு, இங்கே கிரவுன்ட் ஈகிள் என்பார்களே, அது சில நேரம் தூக்கிக்கொண்டு போகும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு மாமரம், சில குரங்குகள், ஒரு கழுகு.

என் அக்கா மகன் போன வருஷம் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து கிரேடு 10-இல் சேர்ந்தான். லைஃப் சயன்சஸ் தாளில் 'உணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள விலங்குக்கு ஏன் இவ்வளவு குறைவான ஆற்றல் கிடைக்கிறது' என்ற கேள்விக்கு ஆறு மதிப்பெண். அவனுக்கு வந்தது ஒன்று. "மாமா, பத்து சதவீத விதியைச் சரியாத்தானே எழுதினேன்" என்று தாளைக் கொண்டுவந்து காட்டினான். சரியாகத்தான் எழுதியிருந்தான். "ஒவ்வொரு மட்டத்திலும் 10 சதவீதம்தான் அடுத்ததற்குப் போகிறது, 90 சதவீதம் வீணாகிறது, அதனால் உச்சியிலுள்ள விலங்குக்குக் கொஞ்சம்தான் கிடைக்கிறது." பிரச்சினை என்னவென்றால் கேள்வி 'ஏன்' என்று கேட்டது, அவன் 'எவ்வளவு' என்று சொல்லியிருக்கிறான். பத்து சதவீதம் என்பது காரணமே இல்லை, காரணங்கள் எல்லாம் வேலை செய்து முடித்த பிறகு மிஞ்சுகிற கணக்கு. பையில் ஏன் காசு இல்லை என்று கேட்டால் "பத்து ராண்ட்தான் இருக்கிறது" என்று பதில் சொல்வதுபோல. எங்கே செலவானது என்று சொன்னால்தான் மதிப்பெண்.

இந்தப் பாடத்தைப் புதிதாகத் தொடுகிறவர்களுக்காக, அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, சங்கிலியை வரைவது. மாமரம் → வெர்வெட் குரங்கு → கொண்டைக் கழுகு. மரம் உற்பத்தியாளர், குரங்கு முதல்நிலை நுகர்வோர், கழுகு இரண்டாம்நிலை நுகர்வோர், இந்தச் சங்கிலியில் அதுவே உச்சி. அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். 'குரங்கு மாம்பழத்தைத் தின்கிறது' என்று மனதில் சொல்லிக்கொண்டே வரைவதால் அம்பு குரங்கிலிருந்து மரத்துக்குப் போய்விடுகிறது. அம்பு யார் யாரைத் தின்கிறார்கள் என்று காட்டுவது அல்ல, ஆற்றல் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவது. பழத்திலிருந்து குரங்குக்குப் போகிறது, எனவே அம்பின் தலை எப்போதும் தின்கிறவரைப் பார்க்கும்.

இன்னொன்று, சூரியனைச் சங்கிலியில் ஒரு மட்டமாக எண்ணக்கூடாது. சூரியன் ஆற்றலின் மூலம், மட்டம் 1 செடியிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்து ஓட்டைகள். விடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஆற்றல் போகும்போது மூன்று இடத்தில் ஒழுகுகிறது. முதல் ஓட்டை, தின்னப்படாதது. மரத்தின் ஆற்றல் பழத்தில் மட்டுமா இருக்கிறது? தண்டு, வேர், பட்டை, முற்றிய இலை எல்லாவற்றிலும் இருக்கிறது, குரங்கு அதில் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை. தொட்ட பழத்திலும் பாதி கீழே விழுகிறது. கழுகு குரங்கைப் பிடித்தாலும் அப்படித்தான், பெரிய எலும்பும் முடியும் மிச்சம். கழுகு பிடிக்காமலே வயதாகியோ நோய் வந்தோ செத்துப்போகும் குரங்குகளும் இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாவது ஓட்டை, தின்றும் செரிக்காதது. கூரையில் கிடக்கிற அந்தச் சாணம்தான். நாரும் கொட்டைத் துண்டும் குடல் வழியாக வந்து வெளியே போய்விடுகின்றன, அவற்றில் இருந்த ஆற்றல் குரங்கின் உடம்புக்குள் ஒருநாளும் நுழையவே இல்லை. இலைதழை தின்னும் விலங்குகளுக்கு இந்த ஓட்டை பெரிது, ஏனென்றால் செல்லுலோஸைச் செரிப்பது கடினம். இறைச்சி தின்கிற விலங்குகள் தின்றதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்வாங்கிக்கொள்ளும், செடி தின்பவை பலவற்றுக்கு அதில் பாதிகூட வராது.

மூன்றாவது ஓட்டைதான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரிது: சுவாசித்தல். மூச்சு விடுவது என்று நினைக்காதீர்கள், அது வேறு. செல்களுக்குள் குளுக்கோஸை உடைத்து ஆற்றலை எடுக்கும் வேலையைத்தான் இங்கே சுவாசித்தல் என்கிறோம். தாவ, கத்த, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, இதயம் துடிக்க, உடம்பைச் சூடாக வைத்திருக்க என்று எல்லாவற்றுக்கும் ஆற்றல் செலவாகி, கடைசியில் வெப்பமாகக் காற்றில் கலக்கிறது. அந்த வெப்பத்தை எந்தக் கழுகும் தின்ன முடியாது, எந்த மரமும் பிடித்து மறுபடி சர்க்கரை செய்ய முடியாது. கழுகுக்குக் கிடைப்பது குரங்கு இதுவரை தின்ற மாம்பழமெல்லாம் அல்ல, அந்தத் தீனியில் செலவாகாமல் குரங்கின் தசையாகவும் கொழுப்பாகவும் மாறி நின்றது மட்டும்தான்.

சூடான இரத்த விலங்குகள் இதில் ரொம்ப ஊதாரிகள். பாலூட்டிகளும் பறவைகளும் செரித்து உள்வாங்கிய ஆற்றலில் சுமார் 1 முதல் 3 சதவீதத்தை மட்டுமே உடலாக மாற்றுகின்றன, மிச்சமெல்லாம் சூடு. பூச்சி, மீன், ஓணான் மாதிரி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் கவலை இல்லாதவை இதைவிடப் பல மடங்கு சேமிக்கும். அதனால் மாமரம், குரங்கு, கழுகு சங்கிலியில் பத்து சதவீதம் என்று சொன்னாலே அது தாராளமான கணக்கு. பத்து என்பது பலவகை வாழிடங்களுக்கும் சேர்த்து வசதிக்காக வைத்துக்கொண்ட ஒரு தோராயம், விதி என்று பெயர் வந்துவிட்டதால் அது மாறாது என்று நினைத்துவிடக்கூடாது. கேள்வியில் எண்கள் கொடுத்திருந்தால் அந்த எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும், பத்தைத் திணிக்கக்கூடாது.

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஓட்டையில் போன ஆற்றல் சூழல் மண்டலத்தை விட்டுப் போகவில்லை. கீழே விழுந்த பழம், சாணம், செத்த குரங்கு எல்லாம் பாக்டீரியா, பூஞ்சை போன்ற சிதைப்பிகளுக்குச் சாப்பாடு. இந்தச் சங்கிலியின் அடுத்த மட்டத்துக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவையும் சுவாசித்து, கடைசியில் அதையும் வெப்பமாக்கிவிடும். எனவே 'ஆற்றல் அழிகிறது' என்று எழுதினால் தவறு, ஆற்றல் அழியாது. 'சாணத்தில் வெப்பமாகப் போகிறது' என்று எழுதினாலும் தவறு, சாணத்தில் இருப்பது இன்னும் வேதி ஆற்றல்தான். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எத்தனை தாளில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். எங்கள் மாமரத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை, அதனால் கணக்குக்கு உண்மையாக அளந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு பெரிய நீரூற்று. தெளிந்த தண்ணீர், அடியில் நீர்ப்புல்லும் பாசியும். ஹோவர்ட் ஓடம் என்ற சூழலியலாளர் அங்கே எந்த மட்டத்தில் எவ்வளவு ஆற்றல் நுழைகிறது, எவ்வளவு சுவாசத்தில் போகிறது என்று அளந்து 1957-இல் வெளியிட்டார். பாடநூல்கள் இன்றுவரை அந்த எண்களை விடவில்லை. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருஷத்துக்கு, கிலோகலோரியில்:

செடிகள் ஒளிச்சேர்க்கையில் பிடித்தது: 20,810
செடியுண்ணிகள் உள்வாங்கியது: 3,368
ஊனுண்ணிகள் உள்வாங்கியது: 383
உச்சி ஊனுண்ணிகள் உள்வாங்கியது: 21

பையனுக்கு நான் போட்ட கேள்வி இதுதான். (அ) செடியுண்ணிகளிடமிருந்து ஊனுண்ணிகளுக்கு எத்தனை சதவீதம் ஆற்றல் போகிறது? 3 மதிப்பெண். (ஆ) உச்சி ஊனுண்ணிகளுக்கு இவ்வளவு குறைவாகக் கிடைப்பது ஏன் என விளக்குக. 6 மதிப்பெண்.

(அ)-வில் ஒரே விதி: மேலே உள்ள மட்டத்தின் எண்ணை, அதற்குக் கீழே உள்ள மட்டத்தின் எண்ணால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 383-ஐ 3,368-ஆல் வகுத்தால் 0.1137, சதவீதத்தில் 11.4. படியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால், விடை தப்பாகிவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. படி இருந்தால் அதற்காவது ஒன்றிரண்டு கிடைக்கலாம். தலைகீழாக வகுத்துவிட்டீர்களா என்று கண்டுபிடிப்பது சுலபம்: 879 சதவீதம் என்று வந்தால், தின்றவன் தீனியைவிட அதிகம் பெற்றான் என்று அர்த்தம், அது நடக்காது. இன்னொரு வகைத் தவறு கண்ணுக்கு உடனே தெரியாது. சிலர் 3,368-இலிருந்து 383-ஐக் கழித்து, அந்த 2,985-ஐ வகுத்து 88.6 என்று எழுதுவார்கள். அது போகாமல் நின்ற பங்கு. 'போனது எவ்வளவு' என்று கேட்டார்களா, 'போகாதது எவ்வளவு' என்று கேட்டார்களா என்று கேள்வியை இன்னொரு முறை படியுங்கள்.

இதேபோல மற்றப் படிகளையும் போட்டால் செடியிலிருந்து செடியுண்ணிக்கு 16.2 சதவீதம், ஊனுண்ணியிலிருந்து உச்சி ஊனுண்ணிக்கு 5.5 சதவீதம். பத்தாக ஒன்றுகூட இல்லை, ஆனால் மூன்றும் பத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. முழுச் சங்கிலிக்கும் எவ்வளவு என்று கேட்டால் இந்தச் சதவீதங்களைக் கூட்டக்கூடாது. நேராக 21-ஐ 20,810-ஆல் வகுத்தால் 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒரு பங்கு!

ஓட்டைகளையும் இதே எண்களில் பார்க்கலாம். செடியுண்ணிகள் உள்வாங்கிய 3,368-இல் 1,890 சுவாசத்திலேயே போய்விட்டது, அதாவது பாதிக்கு மேல். 383 ஊனுண்ணிகளுக்குப் போனது. மிச்சம் 1,095 தின்னப்படாமல் செத்ததும் கழிவாகப் போனதும். ஊனுண்ணிகள் கதை இன்னும் மோசம், 383-இல் 316 சுவாசத்துக்கே சரியாகப் போயிற்று. துரத்திப் பிடிப்பது சும்மா இல்லையே.

இப்போது (ஆ). கீழே இருப்பது அவன் மூன்றாவது முறை எழுதியதும் நான் அங்கங்கே திருத்தியதும் சேர்ந்தது. இங்கே தாள் ஆங்கிலத்தில்தான், ஆனாலும் முதலில் தமிழில் இப்படி நினைத்துவிட்டால் பிறகு மாற்றி எழுதுவது பெரிய வேலை இல்லை.

"செடிகள் பிடித்த ஆற்றலில் ஒரு பகுதியை அவையே சுவாசித்தலில் பயன்படுத்தி வெப்பமாக இழக்கின்றன, மீதி மட்டுமே செடியுண்ணிகளுக்கு உணவாகக் கிடைக்கக்கூடியது. செடியுண்ணிகள் செடியின் எல்லாப் பகுதிகளையும் தின்பதில்லை, தின்னப்படாத பகுதிகள் இறந்து சிதைப்பிகளுக்குப் போகின்றன. தின்றதிலும் ஒரு பகுதி செரிக்காமல் மலமாக வெளியேறுகிறது, அதிலுள்ள ஆற்றல் அடுத்த மட்டத்துக்குச் செல்வதில்லை. உள்வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதி இயக்கம் முதலிய உயிர்ச் செயல்களுக்காகச் சுவாசித்தலில் செலவாகி வெப்பமாகச் சூழலுக்குப் போகிறது, அதை எந்த உயிரியும் மீண்டும் பயன்படுத்த முடியாது. ஆகவே வளர்ச்சியாக உடலில் சேர்ந்த ஆற்றல் மட்டுமே அடுத்த மட்டத்துக்குக் கிடைக்கிறது. இதே இழப்பு ஒவ்வொரு மட்டத்திலும் திரும்ப நடப்பதால், 20,810 கிலோகலோரியில் 21 மட்டுமே உச்சி ஊனுண்ணிகளை அடைகிறது."

பாருங்கள், 'பத்து சதவீதம்' என்ற சொல்லே இல்லை. மதிப்பெண் எங்கே விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால்: செடியின் சொந்தச் சுவாசம், தின்னப்படாதது, மலம், விலங்கின் சுவாசமும் வெப்பமும், வளர்ச்சி மட்டுமே கிடைக்கும் என்பது, இது ஒவ்வொரு மட்டத்திலும் திரும்ப நடப்பதை எண்ணோடு காட்டியது. ஆறு ஆயிற்று. கடைசி இரண்டைத்தான் பெரும்பாலானவர்கள் மறக்கிறார்கள். இழப்பைச் சொல்லிவிட்டு, அதனால் உச்சியில் என்ன நடக்கிறது என்பதோடு முடிச்சுப் போடாமல் விட்டுவிடுவார்கள்.

இதன் வாலாக அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று: சங்கிலியில் ஏன் நான்கைந்து மட்டத்துக்கு மேல் இல்லை? இதற்கும் அதே எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். உச்சியில் உள்ள மீன்களைத் தின்ன இன்னொரு விலங்கு வருகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள், தோராயமாகப் பத்து சதவீதம் கிடைக்கட்டும், சதுர மீட்டருக்கு வருஷம் 2.1 கிலோகலோரி. அதற்கு ஒரு நாளைக்கு 400 கிலோகலோரி வேண்டும் என்று வைத்தால் வருஷத்துக்கு 146,000. வகுத்தால் ஏறக்குறைய 69,500 சதுர மீட்டர், கிட்டத்தட்டப் பத்து கால்பந்து மைதானம், அதுவும் ஒரு துளி தவறவிடாமல் வேட்டையாடினால். அதே விலங்கு செடியுண்ணியாக இருந்திருந்தால் சதுர மீட்டருக்கு 3,368 கிடைத்திருக்கும், 43 சதுர மீட்டர் போதும், ஒரு சின்னக் கொல்லை. ஒரு விலங்கு மட்டும் இருந்தால் இனம் பெருகாது, இணை வேண்டும், குட்டி வேண்டும், பக்கத்தில் இன்னும் சில குடும்பம் வேண்டும். அத்தனைக்கும் இடம் தேடிச் சுற்றுவதற்கே கிடைப்பதைவிட அதிக ஆற்றல் செலவாகிற கட்டம் ஒன்று வந்துவிடும், சங்கிலி அங்கே நிற்கும்.

எங்கள் கழுகுக்கும் இது பொருந்தும்: பெரிய எல்லை, ஓர் இணை, பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரே குஞ்சு. ஆனால் கழுகு அரிதாக இருப்பதற்கு ஆற்றல் மட்டும்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். கூடு கட்டப் பெரிய மரம் வேண்டும், அது நகரத்தில் குறைந்துகொண்டே வருகிறது. கேள்வி ஆற்றலைப் பற்றி என்றால் ஆற்றலோடு நில்லுங்கள், எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கேட்டால் மற்றதையும் சேருங்கள்.

மட்டத்துக்கு ஒரு பட்டையாக, செடியை அடியில் வைத்து மேலே மேலே அடுக்கிப் பிரமிடு வரையச் சொன்னால் ஆற்றல் பிரமிடா, எண்ணிக்கைப் பிரமிடா என்று பார்த்துவிட்டு வரையுங்கள். ஒரே மாமரம், இருபது குரங்கு என்றால் எண்ணிக்கைப் பிரமிடின் அடி ஒல்லியாகத்தான் இருக்கும், அது தப்பில்லை. ஆற்றல் பிரமிடு மட்டும் ஒருநாளும் தலைகீழாகாது.

கடைசியாக, எங்கள் ஊர்த் தேர்வாளர் யாராவது இப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைக்கிற கேள்வி, ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருகிற எங்கள் ஊர் பன்னி சௌவைப் பற்றியது: பீன்ஸ் பன்னி சௌ சாப்பிடுவதால் ஆட்டுக்கறி பன்னி சௌவைவிட அதிகம் பேருக்குச் சோறு போட முடியுமா? ரொட்டி இரண்டிலும் ஒன்றுதான், அதை விட்டுவிடலாம். பீன்ஸ் தின்றால் நாம் முதல்நிலை நுகர்வோர், ஆட்டுக்கறி தின்றால் இரண்டாம்நிலை, நடுவில் ஆடு தின்றதில் பெரும்பகுதியைச் சுவாசித்தலிலும் புழுக்கையிலும் விட்டுவிட்டது. அதனால் அதே நிலத்தில் பீன்ஸ் போட்டால் அதிகம் பேர் சாப்பிடலாம் என்பதே விடை. என் அக்கா மகன் இதைச் சரியாக எழுதிவிட்டு, "ஆனா மாமா, கரூவில பீன்ஸ் விளையாதே?" என்றான். அதுவும் சரிதான். கரூ இந்த நாட்டின் வறண்ட உள்பகுதி, அங்கே மழை குறைவு, முளைக்கிற குட்டைப் புதரை நாம் தின்ன முடியாது, ஆடு தின்னும். 'அதே நிலத்தில்' என்று எழுதினாயே, அதோடு 'பயிர் விளையக்கூடிய' என்று சேர்த்துக்கொள் என்றேன்.